டபுள் பிளே: இரண்டாம் பேஸில் பந்து எப்படித் திரும்புகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரே பந்தில் இரண்டு பேர் எப்படி அவுட் ஆகிறார்கள்?

பேஸ்பால் ஆட்டத்தில் முதல் பேஸில் ஒரு ரன்னர் நிற்கிறார். பேட்டர் தரையோடு ஒரு பந்தை அடிக்கிறார். அடித்த கணமே முதல் பேஸ் பேட்டருக்கு உரியதாகிவிடுகிறது. ஒரு பேஸில் இருவர் நிற்க முடியாது என்பதால், முன்பு அங்கே நின்றவர் இரண்டாம் பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும். இப்படிக் கட்டாயத்தால் ஓடுகிற ரன்னரை அவுட்டாக்க அவர் உடம்பைத் தொட வேண்டாம். அவருக்கு முன்னால் ஒரு ஃபீல்டர் பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்தால் போதும். இதுதான் ஃபோர்ஸ் அவுட். அதே ஃபீல்டர் பந்தை உடனே முதல் பேஸுக்கு எறிந்து, பேட்டர் வந்து சேர்வதற்குள் அது போய்விட்டால் இரண்டாவது அவுட்.

பிடித்த கேட்சுக்குப் பின் ரன்னரைப் பேஸுக்கு வெளியே மடக்குவது, மூன்றாம் ஸ்ட்ரைக்கோடு திருட்டு ஓட்டத்தையும் தடுப்பது என்று டபுள் பிளேயில் வேறு வகைகளும் உண்டு. ஆட்டத்தில் அதிகம் காண்பது தரைப்பந்தில் இரண்டாம் பேஸ் வழியாக நடப்பதுதான். இந்தப் பக்கம் அதைப் பற்றியது.

6-4-3, 4-6-3 என்று எழுதுகிறார்களே, அந்த எண்கள் என்ன?

ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு ஃபீல்டர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்மேன் 3, இரண்டாம் பேஸ்மேன் 4, மூன்றாம் பேஸ்மேன் 5, ஷார்ட்ஸ்டாப் 6. வெளிமைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். அவர் நிற்பது 4-க்கும் 5-க்கும் நடுவில்.

பந்து எந்தக் கை வழியாகப் போனது என்பதே அந்தக் கோவை. 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்தார், இரண்டாம் பேஸ்மேன் பேஸை மிதித்துத் திருப்பினார், முதல் பேஸ்மேன் வாங்கினார்.

இதில் யார் யார் பங்கெடுக்கிறார்கள்? எப்போதும் மூன்று பேர்தானா?

பெரும்பாலும் மூன்று பேர். எடுப்பவர், திருப்புபவர், முடிப்பவர். யார் எந்த வேலை என்பதைப் பந்து போன பக்கம் தீர்மானிக்கும். இடப்பக்கம் போனால் ஷார்ட்ஸ்டாப்போ மூன்றாம் பேஸ்மேனோ எடுப்பார், இரண்டாம் பேஸ்மேன் திருப்புவார். வலப்பக்கம் போனால் இரண்டாம் பேஸ்மேனோ முதல் பேஸ்மேனோ எடுப்பார், ஷார்ட்ஸ்டாப் திருப்புவார். பந்து எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்து ஆள் பேஸுக்கு ஓடவேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

பிட்சரிடமே திரும்பி வரும் பந்தில்தான் சிக்கல். ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ்மேன் இரண்டு பேரும் பேஸுக்கு ஓடலாம், அல்லது இரண்டு பேருமே ஓடாமல் நிற்கலாம். அதனால் பந்து வீசுவதற்கு முன்பே பேசிவைக்கிறார்கள். கிளவால் முகத்தை மறைத்துக்கொண்டு, வாயை மூடினால் ‘நான்’, திறந்தால் ‘நீ’ என்பது பழைய சைகை. பேஸுக்கு வருவது யார் என்று பிட்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிட்சர், யாரும் இல்லாத இடத்துக்கு எறிந்துவிட்டு நிற்பார்.

முதல் பேஸ்மேன் பேஸை விட்டுத் தள்ளிப்போய்ப் பந்தை எடுத்திருந்தால், திரும்பி ஓடிவர நேரம் இருக்காது. அப்போது பிட்சர் முதல் பேஸுக்கு ஓடி முடிப்பார். அது 3-6-1.

இவ்வளவு அவசரம் எதற்கு? மொத்தம் எத்தனை விநாடி கிடைக்கும்?

வலக்கை பேட்டர் ஒருவர் அடித்த இடத்திலிருந்து 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட, மேஜர் லீக் மட்டத்தில் சுமார் 4.3 விநாடி ஆகும். இடக்கை பேட்டர் முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு அருகில் நின்று அடிப்பதாலும், சுழற்சி அவரை அந்தத் திசையிலேயே தள்ளுவதாலும் விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மிச்சப்படும்.

ஒரு பந்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் அவுட், முதல் பேஸில் ரன்னர், வலக்கை பேட்டர், ஷார்ட்ஸ்டாப்புக்கு நேராக ஓரளவு வேகமான தரைப்பந்து. பந்து அவர் கிளவுக்கு வர 1.4 விநாடி. எடுத்துக் கையை விட 0.7. முப்பது அடி தூரத்தில் இருக்கும் இரண்டாம் பேஸுக்குப் பந்து போக 0.5. ஆக 2.6 விநாடியில் பந்து இரண்டாம் பேஸ்மேன் கையில். அவர் மிதித்து, மாற்றி, எறிய 0.7 எடுத்தால் 3.3. அங்கிருந்து முதல் பேஸ் ஏறத்தாழ 90 அடி. மணிக்கு 120 கிலோமீட்டரில் எறிந்தால் 0.8 விநாடிக்குச் சற்று மேல். பந்து 4.1-இல் முதல் பேஸுக்கு வந்துவிடும், பேட்டர் 4.3-இல் வருவார். அந்த 0.2 விநாடியில் பேட்டர் இன்னும் ஐந்தடி தள்ளி இருப்பார். அவுட்.

இப்போது இரண்டாம் பேஸ்மேன் பந்தைக் கையில் சரியாகப் பிடிக்க முடியாமல் ஒருமுறை தடுமாறி எறிகிறார் என்று வையுங்கள். 0.3 விநாடி கூடிவிட்டது, பேட்டர் சேஃப். மற்றது எல்லாம் அப்படியே இருந்து பேட்டர் மட்டும் இடக்கை வேகக்காரராக மாறினாலும் கதை அதேதான்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் பேஸில் பத்துப் பன்னிரண்டு அடி முன்னேறி நின்ற ரன்னர் இரண்டாம் பேஸுக்கு வருவதும் ஏறக்குறைய 3.3 முதல் 3.5 விநாடிக்குள். அதாவது இரண்டாம் பேஸ்மேன் பந்தை விடும் நொடியில் ரன்னர் அவர் காலடியில் சறுக்கிக்கொண்டு இருப்பார். கால்வேலை பற்றிக் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு நொடிக்காகத்தான்.

பந்து வீசுவதற்கு முன்பே இடம் மாறி நிற்கிறார்களா?

ஆமாம். ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸ்மேனும் வழக்கமான இடத்திலிருந்து மூன்று நான்கு எட்டு முன்னால் வந்து, அதே அளவு இரண்டாம் பேஸ் பக்கமும் நகர்வார்கள். முன்னால் வந்தால் பந்து சீக்கிரம் கைக்கு வரும். பேஸ் பக்கம் நகர்ந்தால் பந்துக்கு முன் பேஸில் போய் நிற்கலாம். இதற்கு விலையும் உண்டு. இருவருக்கும் வெளிப்பக்கம் இடைவெளி பெரிதாகிறது. அங்கே போகும் பந்து வெளிமைதானத்துக்கு ஓடிவிடும்.

2023 முதல் மேஜர் லீக்கில் இரண்டாம் பேஸின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு உள்மைதான வீரர்கள் நிற்கவேண்டும் என்று விதி வந்துவிட்டது. பேஸின் அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெருகியது. அதனால் முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே ஓடவேண்டிய தூரம் நாலரை அங்குலம் குறைந்தது.

ஷார்ட்ஸ்டாப் பந்தை எப்படிக் கொடுக்க வேண்டும்?

திருப்பலில் பாதி இங்கேயே முடிவாகிவிடும். பந்து, வாங்குபவரின் நெஞ்சுக்கு நேராக வரவேண்டும். முழங்காலுக்கு வந்தால் அவர் குனிந்து நிமிர்வார், அதிலேயே நேரம் போய்விடும். முதுகுப்பக்கம் போனால் உடம்பைத் திருப்பி வாங்கி, மறுபடி எதிர்த்திசையில் திரும்ப வேண்டும்.

பேஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் எடுத்தால் கையைக் கீழிருந்து கொண்டுபோய் மெல்லப் போடுவார்கள். மணிக்கட்டை மடக்கக்கூடாது. மடக்கினால் பந்து சுழன்று மேலே எழும். கால்கள் பந்தின் பின்னாலேயே இரண்டு எட்டு பேஸை நோக்கி நடக்கவேண்டும். தூரம் கூடினால் எடுத்த நிலையிலேயே, முழுதாக நிமிராமல், பக்கவாட்டாகக் கையைச் சொடுக்கி எறிவது. நிமிர்ந்து நின்று எறிபவர் அழகாக எறிவார், ஆனால் தாமதமாக எறிவார்.

எந்த வகையானாலும் எறியும் கையைக் கிளவிலிருந்து சீக்கிரம் பிரித்து, பந்தை வாங்குபவர் கண்ணுக்குக் காட்டவேண்டும். கிளவுக்குள்ளிருந்து திடீரென்று கிளம்பும் பந்து எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. பயிற்சியில் பலர் கவனிக்காமல் விடும் குறை இது. வாங்குபவர் பந்தை நழுவவிட்டதாகத் தோன்றும், ஆனால் தப்பு கொடுத்தவருடையது.

இரண்டாம் பேஸ்மேன் கால்களை எப்படி வைக்கிறார்? எனக்கு இது புரிவதே இல்லை.

முதலில் அவர் நிலைமையைப் பாருங்கள். அவர் வலப்பக்கத்திலிருந்து பேஸுக்கு வருகிறார், முகம் ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்து இருக்கிறது. எறியவேண்டிய முதல் பேஸும் ஓடிவரும் ரன்னரும் அவருக்கு இடப்பின்பக்கம். பார்க்காத திசையிலிருந்து ஆள் வருகிறான், அதே திசைக்கு எறியவேண்டும். உள்மைதானத்தில் கஷ்டமான வேலைகளில் இது ஒன்று.

அடித்த சத்தம் கேட்டதும் முழு வேகத்தில் பேஸுக்கு ஓடி, கடைசி மூன்று நான்கு எட்டுகளைக் குறுக்கிக்கொள்வார். பந்து வரும்போது அவர் நின்றுவிட்டிருக்கக் கூடாது, தறிகெட்டு ஓடிக்கொண்டும் இருக்கக்கூடாது. முழங்கால் மடங்கி, இரண்டு கையும் நெஞ்சு உயரத்தில், எந்தப் பக்கமும் நகரத் தயாராக இருப்பார். பந்து பேஸுக்கு நேராக வராமல் ஓரடி தள்ளி வந்தால் அங்கே போகும் வாய்ப்பு இந்த நிலையில்தான் உண்டு.

பிறகு இடக்கால் பேஸின் மேல். பந்தும் காலும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். இதற்கு மேல் இரண்டு வழி.

ஒன்று, கடந்து போவது. இடக்காலால் பேஸை மிதித்தபடி பந்தை வாங்கி, வலக்காலைப் பேஸைத் தாண்டி, பந்து வந்த பக்கமாக ஊன்றுவார். அந்த வலக்காலில் உடம்பின் எடை முழுதும் இறங்கும். அங்கிருந்து தள்ளி, இடக்காலை முதல் பேஸை நோக்கி வைத்து எறிவார். மிதி, ஊன்று, எறி என்று மூன்று தாளம். ஓடிவந்த வேகத்தை உடைக்காமல் எறிவதால் பந்துக்குப் பலம் கிடைக்கும். ரன்னர் பேஸைத் தொடும்போது இவர் மறுபக்கம் போயிருப்பார். பந்து நேரத்தோடு, நெஞ்சுக்கு நேராக வந்தால் இதுதான் வழி.

இரண்டாவது, பின்வாங்குவது. பந்து தாமதமாக வருகிறது, ரன்னர் நெருங்கிவிட்டான் என்றால் கடந்து போவது ஆபத்து. அப்போது இடக்கால் பேஸின் விளிம்பில் இருக்க, அதையே உதைத்து உடம்பைப் பின்னால், வெளிமைதானப் பக்கமாகத் தள்ளுவார். வலக்கால் பேஸுக்குப் பின்னால் ஊன்றும், இடக்கால் முதல் பேஸ் நோக்கி வரும், பந்து போகும். இப்போது பேஸே அவருக்கும் ரன்னருக்கும் நடுவில் தடுப்பாக இருக்கிறது. குறை என்னவென்றால் எடை பின்னோக்கிப் போகும்போது எறிவதால் பந்தில் வேகம் குறையும். தோள் பலம் குறைந்தவர் இதைச் செய்தால் பந்து முதல் பேஸுக்கு முன்னால் தரையில் குத்தும்.

எந்த வழி என்பதைப் பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே தீர்மானிக்க வேண்டும். பேஸுக்கு ஓடும்போதே ‘இன்று கடந்து போவேன்’ என்று முடிவு செய்துவிட்டு வருபவர்தான் அடிபடுகிறார், அல்லது பந்தைத் தொலைக்கிறார்.

முதல் பேஸ்மேன் மாதிரி கையை நீட்டி முன்னால் போய் வாங்கினால் நேரம் மிச்சமாகுமே?

ஒரு அவுட்டுக்கு மட்டும் என்றால் சரி. அதற்காக நீண்டுவிட்ட உடம்பைத் திரும்பக் கூட்டி எறிவதற்குள் இரண்டாவது அவுட் போய்விடும். அதனால் திருப்பும் எண்ணம் இருந்தால் பந்தை உடம்புக்கு அருகில் வரவிட்டு வாங்க வேண்டும். இரண்டு பேர் அவுட், அல்லது பேட்டரைப் பிடிக்கவே முடியாது என்று தெளிவாகிவிட்ட நிலையில் நீட்டிப் பிடிக்கலாம்.

பந்தைக் கிளவிலிருந்து எறியும் கைக்கு அவ்வளவு வேகமாக மாற்றுவது எப்படி?

பிடிக்காமலேயே மாற்றுகிறார்கள் என்றால் மிகையில்லை. பந்து கிளவின் வலைப்பகுதிக்குள் போகக்கூடாது. போனால் தோண்டி எடுக்க வேண்டும். அதை உள்ளங்கைப் பகுதியில், விரல்களின் அடியில் வாங்கி, கிளவை மூடாமல் ஒரு தட்டுப்போலத் திறந்து வைக்கிறார்கள். எறியும் கை கிளவுக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும். பந்து கிளவில் பட்டுத் திசை மாறி அந்தக் கையில் விழுவது போல இருக்கும். இரண்டாம் பேஸ்மேன்களும் ஷார்ட்ஸ்டாப்புகளும் 11.25 முதல் 11.5 அங்குலம் வரையிலான, ஆழம் குறைந்த கிளவைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பில் மசெராஸ்கி (1956-1972) இந்த வேலையில் பெயர் பெற்றவர். இரண்டாம் பேஸ்மேனாக அவர் பங்கெடுத்த டபுள் பிளேகள் 1,706. அந்த இடத்தில் அதுவே சாதனை.

மாற்றும்போது பந்து கைநழுவினால்? கிளவில் கட்டுப்பாட்டோடு இருந்தது, எறியக் கையில் எடுக்கும்போதுதான் விழுந்தது என்று நடுவர் கருதினால் இரண்டாம் பேஸ் அவுட் நிற்கும். கட்டுப்பாடே வரவில்லை என்றால் அதுவும் போகும், இரண்டு பேருமே சேஃப்.

ஷார்ட்ஸ்டாப் திருப்பும்போது மட்டும் ஏன் சுலபமாகத் தெரிகிறது?

உண்மையிலேயே சுலபம்தான். 4-6-3 ஆட்டத்தில் அவர் ஓடிவரும் திசையே முதல் பேஸின் பக்கம். ரன்னரும் பந்தும் எறியும் இலக்கும் கண்ணெதிரே. பேஸின் பின்விளிம்பை நோக்கி வந்து, பந்தை வாங்கி, வலக்காலால் அந்த விளிம்பை உரசியபடி கடந்து, இடக்காலை வைத்து எறிவார். உடம்பைத் திருப்புவது மிகக் குறைவு.

அவருக்குத் தொல்லை வருவது 3-6-3-இல். முதல் பேஸ்மேன் எறியும் கோட்டில் ரன்னர் ஓடிக்கொண்டிருப்பார், பந்து அவர் முதுகில் படலாம். அதனால் முதல் பேஸ்மேன் உட்பக்கத்தில், அதாவது புல்தரைப் பக்கம் பந்தை எடுத்திருந்தால் ஷார்ட்ஸ்டாப்பும் பேஸின் உட்பக்கத்துக்கு வந்து வாங்குவார். பந்து எடுத்த பக்கமும் வாங்கும் பக்கமும் ஒன்றாக இருந்தால் ரன்னர் குறுக்கே வரமாட்டார்.

ரன்னர் வேண்டுமென்றே சறுக்கி இடிக்கலாமா?

ஒரு காலத்தில் அது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2015 அக்டோபரில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் சேஸ் அட்லி சறுக்கியதில் ஷார்ட்ஸ்டாப் ரூபென் தெஹாதாவின் கால் எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டே விதி வந்தது. ரன்னர் பேஸை அடைவதற்கு முன்பே தரையில் சறுக்கத் தொடங்க வேண்டும், கையாலோ காலாலோ பேஸைத் தொட முயல வேண்டும், சறுக்கி முடித்துப் பேஸிலேயே நிற்க முயல வேண்டும், இடிப்பதற்காகப் பாதையை மாற்றக்கூடாது. மீறினால் அவரும் பேட்டரும் இருவருமே அவுட். பந்து முதல் பேஸுக்குப் போயே சேராவிட்டாலும் சரி. இந்த நான்கையும் கடைப்பிடித்துச் சறுக்கும்போது ஃபீல்டர்மீது மோதினால் அது குற்றமில்லை.

அதே 2016-இல் இன்னொன்றும் மாறியது. முன்பு ஃபீல்டர் பேஸுக்குப் பக்கத்தில் இருந்தாலே நடுவர்கள் அவுட் கொடுப்பார்கள். இப்போது காணொளி மறுபார்வை அதையும் பார்க்கிறது. கால் பேஸில் பட்டாக வேண்டும். பந்து கைக்கு வருவதற்குள் காலை எடுத்துவிடுவது இன்று நிஜமான தவறு.

முதல் பேஸ்மேன் முதலில் தன் பேஸை மிதித்துவிட்டு இரண்டாம் பேஸுக்கு எறிந்தால்?

பேட்டர் அவுட். அந்தக் கணமே முதல் பேஸ் காலியாகிவிட்டதால் ரன்னருக்கு ஓடவேண்டிய கட்டாயம் இல்லை. இனி பேஸை மிதித்துப் பயனில்லை, ஆளைப் பந்தால் தொடவேண்டும். அதனால்தான் முதல் பேஸ்மேன் எறியும்போதே ‘டேக்’ என்று கத்துவார். கத்தாவிட்டால் ஷார்ட்ஸ்டாப் பழக்கத்தில் பேஸை மிதித்துவிட்டு நடந்துபோவார், ரன்னர் பேஸில் எழுந்து நிற்பார்.

ரன் கணக்கும் மாறும். ஒருவர் அவுட், முதல், மூன்றாம் பேஸ்களில் ரன்னர்கள் என்று வையுங்கள். வழக்கமான 6-4-3 என்றால் மூன்றாவது அவுட் பேட்டர் முதல் பேஸை அடையுமுன் விழுவதால், மூன்றாம் பேஸ் ரன்னர் எவ்வளவு வேகமாக வந்தாலும் ரன் கிடையாது. முதல் பேஸை முன்னால் மிதித்திருந்தால், ரன்னரைத் தொடுவதற்கு முன் ஹோம் பிளேட்டைத் தாண்டிய ரன் சேரும்.

திருப்பும்போது தப்பாக எறிந்தால் எரர் எழுதுவார்களா?

பொதுவாக இல்லை. டபுள் பிளே நடந்திருக்கும் என்று ஸ்கோரர் முன்கூட்டியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இரண்டாம் பேஸில் ஒரு அவுட் எடுத்தபின் எறிந்தது விலகிப் போனால், அதனால் யாராவது கூடுதலாக ஒரு பேஸ் போனால்தான் எரர். ஆனால் நல்ல எறிவை முதல் பேஸ்மேன் நழுவவிட்டால் அவருக்கு எரர் உண்டு.

எப்போது இரண்டாவதை விட்டுவிட வேண்டும்?

பந்து தாமதமாகவோ தாறுமாறாகவோ வந்தால் பேஸை மிதித்து ஒரு அவுட்டை உறுதி செய்துவிட்டு, பந்தைக் கையிலேயே வைத்துக்கொள்வதுதான் புத்தி. சமநிலை இல்லாமல் எறிந்த பந்து முதல் பேஸ்மேனைத் தாண்டி ஓடினால், முதல் பேஸில் நிற்கவேண்டிய பேட்டர் இரண்டாம் பேஸில் நிற்பார். இளம் அணிகளின் ஆட்டத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். முதல் பந்தைக் கையில் வாங்கும் முன்பே கண் முதல் பேஸுக்குப் போய்விடுகிறது, அந்த அவசரத்தில் பந்தும் கீழே விழுகிறது, இரண்டு பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், அவுட் ஒன்றுகூட இல்லை.